எந்த டிரைவரை எந்த ரூட்டுக்கு அனுப்புவது? ஒதுக்கீட்டுக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ வணிகக் கணிதத்தில் ஒதுக்கீட்டுக் கணக்கைப் படித்தவர்கள் பலர் இருப்பார்கள். அதையே குடோன் வாசலில் வைத்துப் போட்டால் என்னென்ன கேள்விகள் எழும் என்பதுதான் இந்தப் பக்கம். எல்லாப் பதில்களுக்கும் ஒரே உதாரணம்: மதுரையில் ஒரு மளிகை மொத்த விநியோகஸ்தர். க, ச, த, ப என்று நான்கு டிரைவர்கள். ஆளுக்கொரு லோடு வண்டி. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி என்று நான்கு ரூட்கள். தொகைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை.

நாலே டிரைவர், நாலே ரூட். யாருக்கு எது செலவு குறைவோ அதைக் கொடுத்துவிட்டுப் போகலாமே, இதற்கு எதற்குக் கணக்கு?

முதலில் ஒரு நாள் செலவைப் பாருங்கள், ரூபாயில்:

| | மேலூர் | திருமங்கலம் | உசிலம்பட்டி | வாடிப்பட்டி |
|---|---|---|---|---|
| க | 620 | 540 | 760 | 700 |
| ச | 580 | 560 | 740 | 610 |
| த | 700 | 590 | 800 | 690 |
| ப | 600 | 650 | 850 | 760 |

நீங்கள் சொல்கிற மாதிரியே செய்வோம். அட்டவணையிலேயே குறைந்த தொகை 540, அதனால் க திருமங்கலத்துக்குப் போகிறார். மீதியில் குறைந்தது 580, ச மேலூருக்கு. அப்புறம் மிஞ்சுவது த, ப இருவரும்தான். 690-க்கு த வாடிப்பட்டி போனால், ப வேறு வழியில்லாமல் 850 ரூபாயில் உசிலம்பட்டி போக வேண்டும். மொத்தம் 2,660.

இதே நான்கு பேரை 2,550 ரூபாயில் அனுப்ப முடியும். ஒரு நாளைக்கு 110 ரூபாய் வித்தியாசம், மாதம் 26 நாள் ஓடினால் 2,860 ரூபாய். சிக்கல் எங்கே வந்தது என்றால், ச மேலூருக்குப் போனபோது 20 ரூபாய் மிச்சமானது போலத் தெரிந்தது. ஆனால் அவர் வாடிப்பட்டிக்கு மிகவும் மலிவான ஆள். அவரை அங்கிருந்து எடுத்ததற்கான விலையைக் கடைசியில் ப கட்டினார். முன்னால் எடுக்கும் மலிவான முடிவு பின்னால் யார் தலையில் விழும் என்பது அந்த நேரத்தில் தெரியாது.

எல்லா வழிகளையும் எழுதிப் பார்க்கலாமே என்றால், நான்கு பேருக்கு 24 வழிகள்தான், முடியும். பத்துப் பேருக்கு 36,28,800 வழிகள். அதனால்தான் ஒரு வரிசை முழுவதும் ஒரே தொகையைக் கழித்துக்கொண்டே போகும் ஹங்கேரிய முறை தேவைப்படுகிறது.

ஒரு வரிசையில் உள்ள எல்லா எண்ணிலிருந்தும் ஒரே தொகையைக் கழிக்கச் சொல்கிறீர்கள். செலவையே மாற்றிவிட்டால் விடையும் மாறிவிடாதா?

மாறாது. இந்த முறை முழுவதும் நிற்பது இந்த ஒரு விஷயத்தின் மேல்தான்.

க-வின் நிரையை (படுக்கை வரிசையை) எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எல்லா எண்ணிலிருந்தும் 540 கழிக்கிறோம். க எந்த ரூட்டுக்குப் போனாலும் அந்த நிரையிலிருந்து ஒரே ஒரு எண்தான் மொத்தத்தில் சேரும். ஆகவே 24 வழிகளில் எதை எடுத்தாலும் அதன் மொத்தம் சரியாக 540 குறையும். எல்லாம் ஒரே அளவு இறங்கினால் எது குறைந்தது என்ற வரிசை அப்படியே இருக்கும். நிரலுக்கும் (நெடுக்கு வரிசைக்கும்) இதே காரணம்தான், மேலூருக்கு யார் போனாலும் ஒருவர்தான் போவார்.

இப்படிக் கழித்துக் கழித்துப் பூஜ்ஜியங்களை உண்டாக்குகிறோம். எந்த எண்ணும் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்கிறோம். கடைசியில் நிரைக்கு ஒன்று, நிரலுக்கு ஒன்று என்று மோதாத நான்கு பூஜ்ஜியங்கள் கிடைத்துவிட்டால், அதைவிடக் குறைந்த மொத்தம் இருக்கவே முடியாது.

அட்டவணையில் எந்தச் செலவையெல்லாம் சேர்க்க வேண்டும்? மாதச் சம்பளம், டோல் எல்லாம் வருமா?

மேலே சொன்ன காரணமே இதற்கும் பதில் சொல்லிவிடுகிறது. க எங்கே போனாலும் அவருடைய நாள் சம்பளம் அதேதான் என்றால், அது அவருடைய நிரை முழுவதிலும் ஒரே அளவாக ஏறும். சேர்த்தாலும் விட்டாலும் ஒதுக்கீடு மாறாது. திருமங்கலம் போகிற வழியில் கப்பலூர் சுங்கச்சாவடி இருக்கிறது. நான்கு வண்டிகளும் ஒரே வகை, நால்வரும் அதைக் கடந்தே ஆக வேண்டும் என்றால் அந்தக் கட்டணமும் நிரல் முழுவதும் ஒரே அளவுதான். ஒருவருக்கு மட்டும் மாதப் பாஸ் இருந்தால் கதை வேறு, அப்போது அதைச் சேர்த்தே ஆக வேண்டும்.

சேர்க்க வேண்டியது ஆளையும் ரூட்டையும் சேர்த்துப் பார்த்தால் மாறுகிற செலவு. ப மேலூருக்குப் போகும் 600 எப்படி வந்தது என்று காட்டுகிறேன். அவர் வீடு ஒத்தக்கடைப் பக்கம், வண்டியும் இரவு அங்கேதான் நிற்கும். காலையில் கிளம்பி, குடோனில் சரக்கேற்றி, மேலூர் கடைகளைச் சுற்றி, திரும்புகிற வழியிலேயே வீடு. மொத்தம் 60 கிலோமீட்டர். வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கிறது, டீசல் 90 ரூபாய் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 6 ரூபாய். டீசல் 360, பேட்டா 240, ஆக 600. அதே ப உசிலம்பட்டிக்குப் போனால் ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி, அதனால்தான் அவருக்கு 850.

என் அனுபவத்தில் விடை கெட்டுப்போவது கழித்தலில் அல்ல, இங்கேதான். எல்லா வண்டிக்கும் ஒரே மைலேஜ் போட்டு, வீடு எங்கே என்பதையும் விட்டுவிட்டால், ஒவ்வொரு நிரலிலும் நான்கு எண்களும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். அப்புறம் எந்த ஒதுக்கீடும் சரி என்றுதான் கணக்கு சொல்லும்.

சரி, முழுக் கணக்கையும் படிப்படியாகப் போட்டுக் காட்ட முடியுமா?

முதலில் ஒவ்வொரு நிரையிலும் சிறிய எண்ணை அந்த நிரை முழுவதும் கழிக்கிறோம். க-வுக்கு 540, ச-வுக்கு 560, த-வுக்கு 590, ப-வுக்கு 600.

| | மேலூர் | திருமங்கலம் | உசிலம்பட்டி | வாடிப்பட்டி |
|---|---|---|---|---|
| க | 80 | 0 | 220 | 160 |
| ச | 20 | 0 | 180 | 50 |
| த | 110 | 0 | 210 | 100 |
| ப | 0 | 50 | 250 | 160 |

மூன்று பேருக்குமே திருமங்கலம்தான் மலிவு என்பது இப்போது கண்ணுக்குத் தெரிகிறது. அடுத்து நிரல்கள். மேலூரிலும் திருமங்கலத்திலும் ஏற்கெனவே பூஜ்ஜியம் இருக்கிறது. உசிலம்பட்டியில் 180, வாடிப்பட்டியில் 50 கழிக்கிறோம்.

| | மேலூர் | திருமங்கலம் | உசிலம்பட்டி | வாடிப்பட்டி |
|---|---|---|---|---|
| க | 80 | 0 | 40 | 110 |
| ச | 20 | 0 | 0 | 0 |
| த | 110 | 0 | 30 | 50 |
| ப | 0 | 50 | 70 | 110 |

இப்போது பூஜ்ஜியத்தில் ஆளை நிறுத்திப் பார்ப்போம். ப மேலூர். க திருமங்கலம். ச உசிலம்பட்டியோ வாடிப்பட்டியோ. த-வுக்கு திருமங்கலத்தில் மட்டும்தான் பூஜ்ஜியம், அதை க எடுத்துவிட்டார். மூன்று பேரோடு நின்றுவிட்டது. ச-வின் நிரை, ப-வின் நிரை, திருமங்கலம் நிரல் ஆகிய மூன்று கோடுகளிலேயே எல்லாப் பூஜ்ஜியங்களும் அடங்கிவிடுகின்றன. நான்கு தேவை, மூன்றுதான் வந்தது, ஆகவே இன்னும் ஒரு சுற்று.

கோடு படாத எண்கள் க-விடம் 80, 40, 110, த-விடம் 110, 30, 50. இவற்றில் சிறியது 30. கோடு படாத எண்களில் 30 கழிக்கிறோம். இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தில் 30 கூட்டுகிறோம். ஒரு கோடு மட்டும் போகும் எண்ணைத் தொடுவதில்லை.

| | மேலூர் | திருமங்கலம் | உசிலம்பட்டி | வாடிப்பட்டி |
|---|---|---|---|---|
| க | 50 | 0 | 10 | 80 |
| ச | 20 | 30 | 0 | 0 |
| த | 80 | 0 | 0 | 20 |
| ப | 0 | 80 | 70 | 110 |

க-வுக்கு ஒரே பூஜ்ஜியம், திருமங்கலம். அது போனதும் த-வுக்கு உசிலம்பட்டி, ச-வுக்கு வாடிப்பட்டி, ப-வுக்கு மேலூர். முதல் அட்டவணைக்குத் திரும்பிப் போய்க் கூட்டினால் 540 + 800 + 610 + 600 = 2,550.

த-வின் நிரையில் 800-தான் மிகப் பெரிய எண், அதையேதான் அவருக்குக் கொடுத்திருக்கிறோம். ஒரு நிரையை மட்டும் பார்த்தால் தப்பு மாதிரி இருக்கும். மொத்தத்துக்கு அதுதான் சரி.

வெட்டும் இடத்தில் ஏன் கூட்ட வேண்டும்? மனப்பாடம் செய்துதான் போடுகிறேன், புரியவில்லை.

இது புது விதி இல்லை, பழைய நிரை நிரல் கழித்தல்தான். கோடு படாத நிரைகள் க, த. அந்த இரண்டு நிரை முழுவதும் 30 கழியுங்கள். உடனே திருமங்கலத்தில் அவர்களிடம் இருந்த பூஜ்ஜியங்கள் −30 ஆகிவிடும். அதைச் சரிக்கட்ட திருமங்கலம் நிரல் முழுவதும் 30 கூட்டுங்கள். க, த இருவருடைய எண்ணும் பூஜ்ஜியத்துக்குத் திரும்பிவிடும். ஆனால் அதே நிரலில் இருக்கும் ச, ப எண்களும் 30 ஏறிவிடும். அந்த இரண்டும்தான் கோடுகள் வெட்டும் இடங்கள்.

நடப்பில் இதற்கு ஒரு அர்த்தம் உண்டு. திருமங்கலத்துக்கு ஆட்கள் போட்டி போடுகிறார்கள், அதனால் அந்த ரூட்டின் மதிப்பை 30 ரூபாய் ஏற்றினோம். ஏற்றியதும் த-வுக்கு உசிலம்பட்டியும் அதற்குச் சமமாகிவிட்டது.

கோடு போடும்போதுதான் எப்போதும் குழப்பம். சில நேரம் மூன்று வருகிறது, சில நேரம் நான்கு வருகிறது. எது சரி?

குறைந்ததுதான் சரி. கண்ணால் பார்த்துக் கோடு போட்டால், நிரை, நிரல் இரண்டையும் கழித்த பிறகு வந்த அட்டவணையில் நான்கு நிரைக்கும் நான்கு கோடு போட்டுவிட்டு "முடிந்தது" என்று நினைத்துவிடலாம். அப்புறம் ஆளை நிறுத்தப் போனால் நிற்காது. கோடு நான்கு, ஆனால் பூஜ்ஜியத்தில் நிற்பவர் மூன்று பேர் என்றால் கோட்டை வீணாக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஆகவே முதலில் ஆளை நிறுத்துங்கள், பிறகு கோடு போடுங்கள். இடம் கிடைக்காத த-வின் நிரைக்கு ஒரு குறி வையுங்கள். அந்த நிரையில் பூஜ்ஜியம் எங்கே? திருமங்கலம். அந்த நிரலுக்குக் குறி. அங்கே ஏற்கெனவே நிற்பவர் யார்? க. அவருடைய நிரைக்கும் குறி. க-வின் நிரையில் வேறு பூஜ்ஜியம் இல்லை, நிறுத்திவிடலாம். இப்போது குறி இல்லாத நிரைகளுக்கும் (ச, ப) குறி உள்ள நிரலுக்கும் (திருமங்கலம்) கோடு போடுங்கள். மூன்று கோடு, ஊகமே இல்லை.

இடையில், குறி வைத்த ஒரு நிரலில் யாருமே நிற்கவில்லை என்று தெரிந்தால் நல்லதே நடந்திருக்கிறது. வந்த வழியே திரும்பிப் போய் ஆட்களை ஒவ்வொருவராக நகர்த்தினால் இன்னொருவருக்கு இடம் கிடைத்துவிடும், கழிக்கவே தேவையில்லை.

போட்ட விடை சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கழித்ததையெல்லாம் கூட்டுங்கள். நிரைகளில் 540 + 560 + 590 + 600 = 2,290. நிரல்களில் 180 + 50 = 230. கடைசிச் சுற்றில் இரண்டு நிரையில் 30 கழித்து ஒரு நிரலில் 30 கூட்டினோம், நிகரமாக 30. மொத்தம் 2,550. ஒதுக்கீட்டின் செலவும் 2,550. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எங்கேயோ கழித்தல் பிழை இருக்கிறது. வெளியே யாரையும் கேட்காமல் தாளிலேயே முடிந்துவிடும் சோதனை இது, ஒருபோதும் விடாதீர்கள்.

தினமும் உசிலம்பட்டியை ஒரே டிரைவருக்குக் கொடுத்தால் அவர் சண்டைக்கு வருகிறார். நியாயமும் அவர் பக்கம்தான். என்ன செய்வது?

கடைசி அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பதில் அதில் இருக்கிறது. அதில் பூஜ்ஜியம் இல்லாத ஒவ்வொரு எண்ணும் ஒன்றைச் சொல்கிறது: இந்த ஆளை இந்த ரூட்டுக்குத்தான் அனுப்புவேன் என்று நீங்கள் முடிவு செய்தால், குறைந்தது இவ்வளவு ரூபாய் கூடுதலாகும். மற்றவர்களையும் நகர்த்த வேண்டி வந்தால் அவர்கள் எண்களும் சேரும்.

க-வுக்கு நேரே உசிலம்பட்டியில் 10 இருக்கிறது. அவரை அங்கே அனுப்பி, த-வை திருமங்கலத்துக்கு மாற்றினால் (அது பூஜ்ஜியம்), மற்ற இருவரும் அசைய வேண்டியதில்லை. மொத்தம் 2,560. வெறும் 10 ரூபாய்! ஒரு வாரம் த, ஒரு வாரம் க என்று மாற்றிவிடுங்கள். ஆனால் "ப-வும் முறை வைத்துப் போகட்டும்" என்றால், அவருக்கு 70, ச மேலூருக்கு நகர 20, த வாடிப்பட்டிக்கு நகர 20, ஆக 110 ரூபாய் கூடும். முதல் கேள்வியில் வந்த 2,660 இதுதான்.

குறைந்த செலவு என்று ஒரே ஒரு விடையை வைத்துக்கொண்டு டிரைவர்களிடம் பேசுவதைவிட, எந்த மாற்றம் எவ்வளவு என்று தெரிந்து பேசுவது எவ்வளவோ மேல்.

டிரைவரும் ரூட்டும் சமமாக இல்லை என்றால்? த இன்று லீவு, ரூட் மட்டும் நான்கும் இருக்கிறது.

பாடத்தில் பூஜ்ஜியங்கள் நிரம்பிய ஒரு போலி நிரையைச் சேர்க்கச் சொல்வார்கள். இங்கே அப்படிச் செய்தால், அதிகச் செலவாகும் உசிலம்பட்டியை விட்டுவிடு என்று கணக்கு சொல்லும், ஏனென்றால் போகாமல் இருப்பதற்குச் செலவே இல்லை என்று நீங்கள்தான் எழுதிக் கொடுத்தீர்கள். சரக்கு போயே ஆக வேண்டும் என்றால், அந்த நிரையில் வெளி வண்டி வாடகையைப் போடுங்கள். மேலூருக்கு 900, திருமங்கலத்துக்கு 850, உசிலம்பட்டிக்கு 1,300, வாடிப்பட்டிக்கு 1,000 கேட்கிறார்கள் என்று வைப்போம்.

யாரும் முதலில் செய்வது, த-வின் ரூட்டான உசிலம்பட்டியை வெளி வண்டிக்குக் கொடுப்பது. மற்ற மூவர் 1,750, வாடகை 1,300, மொத்தம் 3,050. கணக்கு போட்டால் வருவது வேறு: வெளி வண்டியைத் திருமங்கலத்துக்கு அனுப்பு, க-வை உசிலம்பட்டிக்கு மாற்று. 850 + 760 + 610 + 600 = 2,820. ஒரே நாளில் 230 ரூபாய் மிச்சம்.

டிரைவர் ஐந்து, ரூட் நான்கு என்றால் ஒரு போலி நிரல் சேர்க்க வேண்டும். சும்மா இருப்பவருக்கு எதுவும் தருவதில்லை என்றால் பூஜ்ஜியம். அரைப் பேட்டா தருவதாக இருந்தால் அவரவர் அரைப் பேட்டா.

ஒரு வண்டி ஒரு ரூட்டில் உள்ள பாலத்தில் போகவே முடியாது. அந்த இடத்தில் என்ன எழுதுவது?

கையால் போடும்போது அங்கே ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு, அதைத் தொடாமலே கழித்துக்கொண்டு போங்கள். கணினியில் 99,999 மாதிரி, மொத்தச் செலவைவிட எட்டாத தூரத்தில் ஒரு எண். 1,000 என்று சின்னதாகப் போட்டால் சில நாள் அதையும் கணக்கு தேர்ந்தெடுத்துவிடும். விடையில் அந்தப் பெரிய எண் வந்துவிட்டால், தடைகளை வைத்துக்கொண்டு நான்கு ரூட்டையும் ஓட்ட வழியே இல்லை என்று பொருள்.

இதை ஏன் ஹங்கேரிய முறை என்கிறார்கள்?

1955-இல் இதை வெளியிட்ட ஹரால்ட் கூன் அமெரிக்கர். கேனிக், எகர்வாரி என்ற இரண்டு ஹங்கேரியக் கணிதவியலாளர்கள் 1931-இல் கண்டதன் மேல் இதைக் கட்டியதால் அவரே அந்தப் பெயரை வைத்தார். மேலே கோடு போட்டோமே, குறைந்தபட்சக் கோடுகளின் எண்ணிக்கையும் மோதாத பூஜ்ஜியங்களின் அதிகபட்ச எண்ணிக்கையும் சமம் என்பது கேனிக் தேற்றம். 1957-இல் ஜேம்ஸ் மங்க்ரஸ் இந்த முறையை ஆராய்ந்து, அட்டவணை பெரிதானாலும் படிகள் கட்டுக்குள்தான் இருக்கும் என்று காட்டினார்.

எங்களிடம் 15 வண்டி. கையால் போட முடியாது. கணினியில் எப்படி?

பைத்தானில் சில வரிகள் போதும்:

```python
import numpy as np
from scipy.optimize import linear_sum_assignment

c = np.array([[620, 540, 760, 700],
              [580, 560, 740, 610],
              [700, 590, 800, 690],
              [600, 650, 850, 760]])
r, k = linear_sum_assignment(c)
print(k, c[r, k].sum())
```

`[1 3 2 0] 2550` என்று வரும். நிரல்களை 0-இலிருந்து எண்ணுவதால் 1 என்பது திருமங்கலம். போக முடியாத இடத்தில் `np.inf` போடலாம். வழியே இல்லாவிட்டால் `cost matrix is infeasible` என்று சொல்லி நின்றுவிடும். டிரைவரும் ரூட்டும் சமமாக இல்லாவிட்டாலும் இது ஏற்றுக்கொள்ளும், ஆனால் மிஞ்சியதைச் செலவில்லாமல் விட்டுவிடும். வெளி வண்டி நிரையை நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

ஒரு ரூட்டுக்குள் எந்தக் கடைக்கு முதலில் போக வேண்டும் என்பதையும் இதே முறையில் கண்டுபிடிக்கலாமா?

முடியாது. ஒரு கடைக்குப் போகிற செலவு அதற்கு முன் எங்கே நின்றீர்கள் என்பதைப் பொறுத்தது. இங்கே ஒவ்வொரு எண்ணும் மற்றவர் எங்கே போகிறார் என்பதைச் சாராமல் தனியாக நிற்க வேண்டும். அதே காரணத்தால், ஒரே ஆள் காலையில் மேலூர், மதியம் வாடிப்பட்டி என்று இரண்டு ரூட் ஓடும் குடோனுக்கும் இது அப்படியே பொருந்தாது. இரண்டு ரூட்டையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே நிரலாக எழுதிவிட்டால் போடலாம். எதை எதோடு சேர்ப்பது என்பது மட்டும் நீங்களே எடுக்க வேண்டிய முடிவு.